மண்டபக் கணக்கில் தகராறு: ரசீது, ஜிஎஸ்டி பில், வங்கி ஆதாரம்

கல்யாண மண்டபத்துக்கு நாம் கொடுக்கிற பணம் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. தேதி குறித்த கையோடு கொஞ்சம் முன்பணம், இரண்டு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய தொகை, சாவி வாங்கும் அன்று டெபாசிட் என்று நான்கைந்து தவணையாகப் போகும். ஒரு தவணை ரொக்கம், ஒன்று யுபிஐ, ஒன்று வங்கி வழியாக. கொடுப்பவரும் ஒருவராக இருக்கமாட்டார். அப்பா ஒருமுறை கொடுப்பார், அவசரத்துக்குத் தாய்மாமன் தன் போனிலிருந்து ஒருமுறை அனுப்புவார். கடைசியில் பந்தல் பிரிக்கும் நேரத்தில், இரண்டு நாள் தூக்கமில்லாத கண்ணோடு மண்டப ஆபீஸில் போய் உட்காரும்போதுதான் பில் கைக்கு வருகிறது. தகராறும் அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு மண்டபக் கணக்கை வைத்தே போகலாம். மர வேலைக்கு முன்பணம் கொடுத்தவருக்கும், ஃபர்னிச்சருக்குத் தவணையாகக் கட்டியவருக்கும் இதே வழிதான்.

மூன்று காகிதம், மூன்று கேள்வி

ரசீது என்பது பணம் வாங்கியவர் எழுதிக் கொடுப்பது. "இன்னாரிடமிருந்து, இன்ன தேதியில், இன்ன விஷயத்துக்காக, இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்று அவரே தன் கையால் ஒப்புக்கொள்கிறார். பிற்பாடு "வரவில்லை" என்று அவர் சொன்னால், அவருடைய எழுத்தே அவரை மறுத்துப் பேசும். ரசீதின் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஆனால் மொத்த வாடகை எவ்வளவு, அதில் ஜெனரேட்டர் சேருமா என்பதெல்லாம் ரசீதில் இருக்காது.

ஜிஎஸ்டி பில் என்கிற வரி விலைப்பட்டியல் வேறு வேலை செய்கிறது. இன்ன சேவை கொடுத்தேன், அதற்கு இவ்வளவு விலை, இவ்வளவு வரி என்று விற்றவர் சொல்வதுதான் அது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "பில் கையில் இருக்கிறது, அப்படியென்றால் பணம் கட்டியாகிவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பில் கொடுத்தால் பணம் வந்தது என்று அர்த்தமில்லை. கடனுக்குக் கொடுத்தாலும் பில் போடுவார்கள், போடத்தான் வேண்டும். பில்லிலேயே "பெறப்பட்ட தொகை", "பாக்கி இல்லை" என்று குறித்துக் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே அது ரசீதின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

வங்கி ஆதாரம் மூன்றாவது ஆள் சொல்கிற சாட்சி. இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு, இந்த நாளில், இவ்வளவு பணம் போனது என்று வங்கி சொல்கிறது. வாங்கியவராலும் கொடுத்தவராலும் அதை மாற்ற முடியாது. ஆனால் எதற்காகப் போனது என்று வங்கிக்குத் தெரியாது. 40,000 ரூபாய் மண்டப முன்பணமாகப் போயிருக்கலாம், கைமாற்றுக் கடனைத் திருப்பிக் கொடுத்ததாகவும் இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆகவே தகராறு என்று வந்ததும் முதலில் எதிர்த்தரப்பு எதை மறுக்கிறது என்று பாருங்கள். பணம் வந்ததையே மறுத்தால் ரசீதும் வங்கி ஆதாரமும் வேண்டும். பணம் வந்தது சரி, விலைதான் அதிகம் என்றால் அவை இரண்டாலும் பயனில்லை. பில்லும், புக்கிங் செய்த அன்று எழுதிய படிவமும்தான் பேசும்.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

திருநெல்வேலிப் பக்கத்து மண்டபம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் வாடகை 1,50,000 ரூபாய். ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு 1,500. துப்புரவுக்கு 6,000. எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. புக்கிங் படிவத்தில் இவ்வளவும் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா கொடுத்த பணம் இது:

| எப்போது | தொகை (ரூ.) | எப்படி | கையில் இருப்பது |
|---|---|---|---|
| புக்கிங் அன்று | 25,000 | ரொக்கம் | கையால் எழுதிய ரசீது |
| இரண்டு மாதம் கழித்து | 40,000 | யுபிஐ, மேனேஜரின் நம்பருக்கு | போனில் ஸ்கிரீன்ஷாட் |
| ஒரு வாரம் முன்பு | 75,000 | நெஃப்ட், மண்டபத்தின் கணக்குக்கு | வங்கிப் பதிவு |
| சாவி வாங்கியபோது | 20,000 | ரொக்கம், டெபாசிட் | தனி ரசீது |

கல்யாணம் முடிந்து வந்த பில்லில் வாடகை 1,50,000, ஜெனரேட்டர் 6 மணி நேரத்துக்கு 9,000, துப்புரவு 6,000, ஆக 1,65,000. அதற்கு மத்திய ஜிஎஸ்டி 14,850, மாநில ஜிஎஸ்டி 14,850. மொத்தம் 1,94,700. இதுவரை கூட்டல் சரி. அடுத்த வரியில் "முன்பணம் 1,00,000" என்று இருக்கிறது. டெபாசிட்டையும் கழித்து 74,700 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.

அப்பாவின் கணக்குப்படி முன்பணம் 1,40,000. டெபாசிட்டையும் கழித்தால் கட்ட வேண்டியது 34,700 மட்டுமே. வித்தியாசம் 40,000. யுபிஐயில் போன தொகை பில்லில் ஏறவில்லை. அது போக, ஜெனரேட்டர் 4 மணி நேரம்தான் ஓடியது என்று மைத்துனர் சொல்கிறார். அது உண்மையானால் 3,000 ரூபாயும் அதன் வரி 540 ரூபாயும் கூடுதல்.

ஒரே பில்லில் இருப்பது இரண்டு தகராறு. இவற்றை ஒன்றாகக் கலந்து சத்தம் போட்டால் இரண்டுமே கெட்டுவிடும். 40,000 ரூபாய் பணம் சேர்ந்ததா என்ற கேள்வி. 3,540 ரூபாய் சேவையின் அளவு பற்றிய கேள்வி. முதலாவதற்கு வங்கி ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதற்கு ரசீதும் உதவாது, வங்கியும் உதவாது. ஜெனரேட்டரின் மணிக்கணக்கு மீட்டரில் ஆரம்பத்திலும் முடிவிலும் என்ன எண் இருந்தது என்று போட்டோ எடுத்திருந்தாலோ, ஆபரேட்டர் எழுதும் நோட்டில் உங்கள் வீட்டு ஆள் கையெழுத்துப் போட்டிருந்தாலோதான் பேச முடியும். அது இல்லையென்றால் அந்த 3,540-ஐ விட்டுக்கொடுத்து 40,000-ஐப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஆதாரமில்லாத சிறு தொகைக்காக மல்லுக்கு நின்றால், ஆதாரமுள்ள பெரிய தொகையைப் பற்றி நாம் சொல்வதும் எடுபடாமல் போகும்.

பழைய ரசீதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

இந்த நேரத்தில் மேனேஜர் இயல்பாகச் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "அண்ணாச்சி, பழைய ரசீதெல்லாம் கொடுத்திருங்க. மொத்தமா ஒரே பில்லா போட்டுத் தாரேன்." பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. பல மண்டபங்களில் இது வழக்கம். என்றாலும் கொடுத்துவிடாதீர்கள்.

25,000 ரூபாய் ரசீதைப் பற்றித் தகராறே இல்லையே, அதைக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அந்தத் தொகையை அவர்களே பில்லில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டிருப்பது மேனேஜர். மண்டபத்தின் பெயர் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில், மண்டபத்துக்காகப் பணம் வாங்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதற்கு அதுதான் சான்று. நாளைக்கு உரிமையாளர், "மேனேஜரின் சொந்தக் கணக்குக்கு நீங்கள் போட்ட 40,000-க்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று சொன்னால், இந்த 25,000 ரூபாய் ரசீதுதான் முதல் பதில். தகராறில் இல்லாத காகிதம் தகராறில் இருக்கும் பணத்தைக் காப்பாற்றுவது இப்படித்தான்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மூன்று ஆதாரங்களில் திரும்பக் கிடைக்காதது கையால் எழுதிய ரசீது ஒன்றுதான். வங்கிப் பதிவு வங்கியில் இருக்கிறது, பிறகும் கேட்டு வாங்கலாம். ஜிஎஸ்டி பில்லின் நகலையும் கணக்கையும் பதிவு பெற்ற வணிகர் அந்த ஆண்டின் வருடாந்தரக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். ரொக்கத்துக்கு எழுதிய ரசீது தொலைந்தால், அதன் அடிக்கட்டை எதிர்த்தரப்பின் கையில்தான் இருக்கும். ஆகவே தகராறு ஆரம்பித்த அன்றைக்கு எதை முதலில் பத்திரப்படுத்துவது என்று என்னைக் கேட்டால், எது திரும்பக் கிடைக்காதோ அதை என்பேன். பெரிய தொகைக்கான தாளை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, சின்ன ரொக்க ரசீதைச் சட்டைப் பையில் விட்டு வைப்பது நம் வீடுகளில் நடக்கிறது. அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கட்டாயப்படுத்தினால் ஜெராக்ஸ் கொடுங்கள். அசலைத்தான் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், புதிய பில்லிலேயே "ரசீது எண் இன்னது, தேதி இன்னது, ரூ. 25,000 இதில் வரவு வைக்கப்பட்டது" என்று எழுதி வாங்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லையே என்று தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஆனால் ஒட்ட வேண்டிய கடமை பணம் வாங்கியவருடையது. அவர் ஒட்டாமல் கொடுத்தாலும், அவருக்கு எதிராக அந்த ரசீதை ஒரு ரூபாய் அபராதம் கட்டிச் சாட்சியமாகச் சேர்க்க இந்திய முத்திரைச் சட்டம், 1899-இன் 35-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஸ்டாம்ப் இல்லாத ரசீதும் ரசீதுதான்.

செக் கொடுத்து வாங்கிய ரசீதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். "செக் பாஸானால் மட்டுமே செல்லும்" என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த ரசீது வங்கிப் பதிவோடு சேர்ந்தால்தான் முழுமை பெறும்.

40,000 ரூபாயை எப்படி நிலைநாட்டுவது

ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் மேனேஜர் நம்பமாட்டார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் ஆகிவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நமக்கு உண்மையில் பயன்படுவது அந்த 12 இலக்க யுபிஐ பரிமாற்ற எண்தான். அனுப்பியவரின் வங்கியிலும் வாங்கியவரின் வங்கியிலும் அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டுவது அந்த ஒரே எண். ஆகவே "அனுப்பினேன் சார்" என்று வாதாடுவதை விட்டுவிட்டு, தேதியையும் அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்து, "உங்கள் கணக்கில் இந்த எண்ணில் வரவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நேர்மையான மறதியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

அப்படி முடியவில்லையென்றால் அன்று இரவே வங்கியின் இணையதளத்தில் நுழைந்து ஸ்டேட்மென்ட்டை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். பணம் போன ஒரு நாளுக்கு மட்டும் எடுத்தால் போதாது. புக்கிங் செய்த நாளில் தொடங்கி இன்று வரை எடுங்கள். காரணம் இருக்கிறது. யுபிஐயில் பணம் நம் கணக்கில் கழிந்து எதிர்த்தரப்புக்குச் சேராமல் போவது உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கொண்டுவந்த விதியின்படி, வணிகருக்கான யுபிஐ பணம் சேராவிட்டால் 5 நாளுக்குள்ளும், தனிநபர் கணக்குக்கான பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. "போன பணம் உங்களுக்கே திரும்பியிருக்கும்" என்று மேனேஜர் சொல்லக்கூடும். அதற்குப் பின் வந்த மாதங்களிலும் 40,000 ரூபாய் வரவு எதுவும் இல்லை என்று ஸ்டேட்மென்ட் காட்டினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போகும்.

கோர்ட் வரை போக வேண்டி வந்தால் கிளையில் கேட்டு, வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம், 1891-இன்படி சான்றிட்ட நகல் வாங்கலாம். அதற்கு முந்தைய கட்டங்களுக்குச் சாதாரண ஸ்டேட்மென்ட்டே போதும். தாய்மாமன் போனிலிருந்து பணம் போயிருந்தால் ஸ்டேட்மென்ட் அவருடைய கணக்கில்தான் கிடைக்கும். அவரிடம், "இந்தத் தொகையை இன்னாருடைய மகள் கல்யாண மண்டப முன்பணமாக, அவருக்காக நான் அனுப்பினேன்" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி, ஸ்டேட்மென்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

பணம் போனது உறுதியானதும் அடுத்த ஓட்டை தெரியும். எதற்காகப் போனது? இங்கே பேசுவது வாட்ஸ்அப். "அந்தத் தேதி உங்களுக்கே வச்சிருக்கேன் அண்ணாச்சி, இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிருங்க" என்று மேனேஜர் அனுப்பிய செய்தி, பணம் போன நாளில் "வந்துட்டு" என்று அவர் போட்ட பதில், இரண்டும் சேர்ந்தால் ரசீதுக்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் ஒரு நகல் வையுங்கள். அந்தப் போனையும் தகராறு தீரும்வரை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது அது எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சான்றளிக்க வேண்டியிருக்கும்.

இனிமேல் அனுப்பும் பணத்துக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். யுபிஐயில் தொகைக்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலோர் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறோம். "மண்டப முன்பணம், மகள் கல்யாணம், இரண்டாம் தவணை" என்று எழுதுங்கள். வங்கிக்குத் தெரியாத காரணத்தைப் பணம் போகும் நேரத்திலேயே நீங்கள் பதிந்துவிடுகிறீர்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை

பில்லின் தலையில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 எழுத்தும் எண்ணும் கலந்தது. தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் அதைப் போட்டால் உரிமையாளரின் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். அந்தப் பெயரை நெஃப்ட் போன கணக்கின் பெயரோடு ஒப்பிடுங்கள். நம் கணக்கில் 75,000 ரூபாய் போன கணக்கும் ஜிஎஸ்டி பதிவும் ஒரே பெயரில் இருந்தால் அந்தத் தவணையைப் பற்றிக் கவலை வேண்டாம். ரசீதில் மண்டபப் பெயர், பில்லில் உரிமையாளர் பெயர், யுபிஐயில் மேனேஜர் பெயர் என்று மூன்று பெயர் வந்தால், மூன்றையும் இணைக்கும் தாள் நம்மிடம் இருக்க வேண்டும். புக்கிங் படிவத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.

பில்லில் வரிசை எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். "எஸ்டிமேட்", "கொட்டேஷன்", "புரோஃபார்மா" என்று தலைப்பிட்ட தாள் பில் ஆகாது, அதில் ஜிஎஸ்டி கணக்கிட்டிருந்தாலும்கூட. தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், பதிவு பெறாத வாடிக்கையாளராக இருந்தாலும் அவர் பெயரும் முகவரியும் பில்லில் வர வேண்டும் என்பது விதி. வெறுமனே "கேஷ்" என்று எழுதித் தந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய மண்டபம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. கோயில் வளாகத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் மண்டபத்துக்கு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரிவிலக்கு உண்டு.

டெபாசிட் விஷயம் தனி. திருப்பித் தருவதாக வாங்கும் டெபாசிட்டுக்கு வரி கிடையாது. அதை வாடகையிலோ சேதத்துக்கோ கழிக்கும்போதுதான் அது விலையின் பகுதியாகிறது. அதனால் டெபாசிட் ரசீதில் "திருப்பித் தரத்தக்கது" என்ற வார்த்தை இருக்கட்டும். வெறும் "ரூ. 20,000 பெற்றேன்" என்றிருந்தால் அதை வாடகையில் சேர்த்துவிட்டு, டெபாசிட்டே வாங்கவில்லை என்று சொல்லவும் வழி இருக்கிறது.

தொகையைக் குறைக்க உரிமையாளர் ஒப்புக்கொண்டால், பேனாவால் அடித்துத் திருத்திய பில்லோடு திருப்திப்படாதீர்கள். கொடுத்துவிட்ட ஜிஎஸ்டி பில்லில் தொகை குறைந்தால் அதற்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். அதில் பழைய பில்லின் எண் இருக்கும்.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டியை விட்டுடுதேன்" என்ற பேச்சுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். 29,700 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பில் இல்லாதபோது என்ன சேவை, என்ன விலை என்பதற்கு எழுத்தில் எதுவுமே இருக்காது. மண்டபத்தில் ஏசி ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை என்று பின்னால் கேட்கப் போனால், எவ்வளவுக்குப் பேசினீர்கள் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். வரி ஏய்ப்பு என்பது ஒருபுறம் இருக்க, நம் கையிலிருக்கும் ஆயுதத்தை நாமே விற்றுவிடுகிறோம்.

தகராறு தொடங்கிய அன்று

ஆபீஸ் அறையிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மறுப்பில்லாத தொகையைக் கட்டுங்கள். நம் கணக்கில் அது 34,700. ஜெனரேட்டரை விடாமல் பிடிப்பதானால் 31,160. அதை யுபிஐயில் அல்லது நெஃப்ட்டில் மண்டபத்தின் கணக்குக்கே அனுப்பி ரசீது வாங்குங்கள். ஒன்றுமே கட்டாமல் எழுந்து வந்தால் "பாக்கி வைத்துவிட்டுப் போனவர்" என்ற பேச்சு நம்மேல் விழும்.

சீர்ப் பொருட்கள் உள்ளே இருக்க, கேட்டைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் முழுத் தொகையையும் கட்ட வேண்டிவரும். அப்படிக் கட்டும்போது அவர்களுடைய பில் நகலிலும் உங்கள் நகலிலும் "ரூ. 40,000 ஏற்கெனவே யுபிஐ மூலம் செலுத்தியது. எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லையென்றால் வெளியே வந்த உடனேயே அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கும் உரிமையாளருக்கும் அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் தாள்களையும் படமெடுங்கள். வழவழப்பான தெர்மல் தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். அதை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள். லேமினேட் செய்யக் கூடாது, அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும். பிறகு மேலே போட்டதுபோல ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொரு தொகைக்கும் எதிரே என்ன ஆதாரம் என்று குறியுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் வித்தியாசத்தைச் சொல்லி, 12 இலக்க எண்ணைக் கொடுத்து, 15 நாள் கெடு வைத்து உரிமையாளருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மேனேஜருக்கு அல்ல. உடன் நகல்கள் மட்டும், அசல் ஒன்றுகூடப் போகக் கூடாது. தபால் ரசீதும் இனி ஓர் ஆதாரம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மண்டபம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இந்தக் கொடுத்த விலை எவ்வளவு என்பதையும் உங்கள் ரசீதுகளும் வங்கிப் பதிவும்தான் காட்ட வேண்டும். பில்லோ ரசீதோ கொடுக்க மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்லப்பட்டிருக்கிறது. மனுவுக்குக் காலக்கெடு 2 ஆண்டு. பண வசூலுக்கான சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. அதனால் கணக்கு முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு முடியும்வரை இந்த உறையை எடுத்தெறிய வேண்டாம்.

சமரசம் ஏற்பட்டு 40,000 ரூபாயைத் திருப்பித் தரும்போது உங்களிடமும் ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் "முழுக் கணக்கும் தீர்ந்தது, இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்று அச்சடித்திருந்தால், டெபாசிட் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பாக்கி இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, வாங்கிய தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.